ஜாதக பலனை எழுத்தில் கொடுக்கும்போது



ஓய்வுக்குப் பிறகு நான் ஜாதகம் பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நம்பாதவர்களும் உங்களில் உண்டு, அதுவும் எனக்குத் தெரியும். இது நீளமான பதிவு. நம்பாதவர்களும் பொறுமையாகப் படிக்கலாம், ஏனென்றால் இதில் பெரும்பகுதி ஜோதிடத்தைப் பற்றியதல்ல, எழுதிக் கொடுக்கும் ஒரு தாளைப் பற்றியது. போன மாதம் இரண்டு பழைய மாணவர்கள், "சார், பலனை எப்படி வரிசையா எழுதுறீங்க? நாங்களும் கத்துக்கிட்டிருக்கோம்" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

வாயால் சொல்லும் பலன் வேறு, எழுதிக் கொடுக்கும் பலன் வேறு. வாயால் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் தெரியும். அவர் பயந்தால் திருத்திச் சொல்லலாம், புரியவில்லை என்றால் மறுபடி சொல்லலாம். எழுத்து அப்படியல்ல. அது பீரோவுக்குள் போகும், பத்து வருடம் கழித்து வெளியே வரும். கேட்டவரைத் தவிர எல்லோரும் அதைப் படிப்பார்கள். தரகர் படிப்பார், வருங்கால மாமியார் படிப்பார், இன்னொரு ஜோதிடர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார். "செவ்வாய் தோஷ ஜாதகம்" என்று இரண்டு மூன்று சொல் மையில் விழுந்துவிட்டால், ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு அதோடு நின்றுபோன கதை நம் பக்கத்தில் எத்தனையோ உண்டு.

ஒரு ஜாதகத்தை வைத்தே சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பெண். செவிலியர் படிப்பு முடித்து சமவெளியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீடு கச்சிராயபாளையம் பக்கம். அவர்கள் ஜாதகம் கேட்டார்கள். இவர்கள் வீட்டில் ஜாதக நோட்டு எழுதி வைக்கும் பழக்கமே கிடையாது. அவசரத்துக்குக் கம்ப்யூட்டர் சென்டரில் போய் பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள தேதியைக் கொடுத்து ஒரு ஜாதகம் எடுத்து வந்திருந்தார்கள். பிறந்த தேதி 02.06.1998, பூரம் நட்சத்திரம், சிம்ம ராசி. நேரத்துக்கு யாரோ காலை 10 மணி என்று சொல்லியிருக்கிறார்கள். ஊர் என்ற இடத்தில் சென்னை.

மலைப் பள்ளியில் வேலை பார்த்தவன் என்பதால் அந்த ஜூன் மாதத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் காலத்தில் பெற்றோருக்குத் தேதி தெரியாவிட்டால், பள்ளியில் சேர வயது சரியாக வருகிற மாதிரி மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டு எழுதுவது எங்கும் நடந்ததுதான். உங்கள் வகுப்பிலேயே எண்ணிப் பாருங்கள், பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள் வரும். சான்றிதழ்த் தேதி வேலைக்கு ஆகும், ஜாதகத்துக்கு ஆகாது.

அம்மாவைக் கேட்டேன். "தேதி எல்லாம் தெரியாது சார். கார்த்திகை விளக்கு ஏத்துற அன்னைக்குப் பொறந்தா. விளக்கு ஏத்தி வச்சிட்டு வந்து படுத்தேன், வலி எடுத்துது" என்றார். பாட்டி இன்னும் இருக்கிறார். "அகல்ல எண்ணெய் தீரல, அதுக்குள்ள கொழந்த அழுதிருச்சு" என்றார். பெரிய பையன் பிறந்து எத்தனையாவது வருடம் என்று கேட்டு, 1998 என்பதை உறுதி செய்துகொண்டோம்.

இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. திருநாளை வைத்துச் சொல்லும் நினைவு, எண்ணை வைத்துச் சொல்லும் நினைவைவிட உறுதியானது. கார்த்திகை தீபம் என்றால் சூரியன் விருச்சிகத்தில், சந்திரன் கார்த்திகை நட்சத்திரத்தில், பௌர்ணமியை ஒட்டிய நாள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் 1998 டிசம்பர் 2 மாலை வந்து நிற்கிறது. பூரமும் சிம்மமும் போய், கார்த்திகை 2-ஆம் பாதம், ரிஷப ராசி ஆகிவிட்டது. ஒரு பெண்ணின் ராசியே மாறிப்போனது.

ஆனால் நேரம்? விளக்கு ஏற்றியது ஆறு மணி சுமார். எண்ணெய் தீருவதற்குள் என்றால் ஏழு, ஏழேகால். இங்கேதான் சிக்கல். சூரியன் மறையும் நேரத்தில், சூரியன் நிற்கும் ராசிக்கு நேர் ஏழாம் ராசி கிழக்கே உதயமாகிக்கொண்டிருக்கும். விருச்சிகத்துக்கு ஏழு ரிஷபம். கள்ளக்குறிச்சிக்குக் கணக்குப் போட்டால், அன்று மாலை சுமார் 6.43 வரை ரிஷப லக்னம், அதற்குப் பிறகு மிதுன லக்னம். பாட்டியின் அகல் விளக்கு இரண்டு லக்னத்துக்கும் சேர்த்தே எரிந்திருக்கிறது. (மலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் கணக்கில் ஒரு நிமிட வித்தியாசம்தான். ஆனால் கம்ப்யூட்டர் சென்டர் மாதிரி சென்னை என்று போட்டால் ஐந்து, ஆறு நிமிடம் தள்ளிவிடும். எல்லையில் நிற்கும் ஜாதகத்தில் அது பெரிய பிழை.)

இனி எழுதும் முறை. நான் எழுதும் பலனில் முதல் பக்கம் முழுவதும் அஸ்திவாரத்துக்குத்தான். தேதி எப்படிக் கிடைத்தது, நேரம் யார் சொன்னது, எவ்வளவு முன்பின் இருக்கலாம், எந்த ஊருக்குக் கணித்தது, வாக்கியமா திருக்கணிதமா. பலர் இந்தப் பக்கத்தில் சுலோகம் எழுதி, பிள்ளையார் சுழி போட்டு, நேராகக் கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். சுலோகம் நானும் எழுதுகிறேன். ஆனால் அதன் கீழே, "இந்த ஜாதகத்தில் நாள் உறுதி, நேரம் மாலை 6.15-க்கும் 7.15-க்கும் இடையே, 6.43-க்கு முன் எனில் லக்னம் ரிஷபம், பின் எனில் மிதுனம்" என்றும் எழுதினேன். இதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தை எவரும் புரட்ட வேண்டும்.

எந்தப் பஞ்சாங்கம் என்று ஏன் எழுத வேண்டும்? சனிப் பெயர்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுகிறது, செல்போன் செயலிகள் பெரும்பாலும் திருக்கணிதத்தை. எதை வைத்து எழுதினேன் என்று சொல்லாமல் "சனி பெயர்ந்ததும் நல்லது நடக்கும்" என்று எழுதினால், படிப்பவர் எந்தத் தேதியை எடுத்துக்கொள்வார்?

இரண்டாவது பக்கம் பொது நோக்கு. இதை அரைப் பக்கத்துக்கு மேல் நான் எழுதுவதில்லை. யோகங்களை அடுக்கிக்கொண்டே போகிற இடம் இதுதான். கஜகேசரி, புதாதித்யம் என்று பத்துப் பெயர் எழுதினால் படிப்பவருக்கு மகிழ்ச்சி வரும், ஒன்றும் புரியாது. நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: லக்னம் எதுவானாலும் மாறாதது மட்டுமே பொது நோக்கில் வர வேண்டும். இந்தப் பெண்ணுக்கு மாறாதவை: சந்திரன் ரிஷபத்தில் உச்சம், அதுவும் பௌர்ணமியை நெருங்கும் வளர்பிறைச் சந்திரன். சூரியன், புதன், சுக்கிரன் மூவரும் விருச்சிகத்தில் ஒன்றாக நின்று அந்தச் சந்திரனை நேராகப் பார்க்கிறார்கள். சனி மேஷத்தில் நீசம், வக்கிரம். குருவும் கேதுவும் கும்பத்தில், ராகு சிம்மத்தில், செவ்வாய் கன்னியில். இதிலிருந்து சாஸ்திரம் சொல்வதை மூன்றே வாக்கியத்தில் எழுதினேன். மனதில் உறுதியும் பிடிவாதமும் சேர்ந்தவர். எதையும் பேசித் தீர்க்க விரும்புபவர். உழைப்புக்குக் கூலி தாமதமாக வரும், ஆனால் வரும்.

மூன்றாவது, வாழ்க்கையின் ஒவ்வொரு துறையும். பி.வி. ராமன் ஒரு ஜாதகத்தை எப்படிப் பார்ப்பது என்று ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகள் எழுதினார். ஒன்றாம் பாவத்திலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாகப் போகும். கற்றுக்கொள்பவருக்கு அதுவே சரியான வரிசை. ஆனால் கேட்டு வந்தவர் "மூன்றாம் பாவம்" என்று வாழ்வதில்லை. அவர் வேலைக்குப் போகிறார், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார், கல்யாணத்துக்குக் காத்திருக்கிறார். ஆகவே நான் படிப்பு, தொழில், பணம், வீடும் தாயாரும், திருமணம், உடல்நலம் என்று தலைப்பு வைக்கிறேன். திருமணத்துக்காகத்தான் வந்தார்கள் என்றாலும் அதை முதலில் வைப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் நோட்டைத் திறந்ததும் அந்தப் பெண்ணின் படிப்பையும் வேலையையும் முதலில் படிக்கட்டும்.

ஒவ்வொரு தலைப்பிலும் நான் பார்ப்பவை: அந்த பாவம், அதன் அதிபதி எங்கே நிற்கிறார், அந்தத் துறைக்குக் காரக கிரகம் எப்படி, இப்போது நடக்கும் தசை அதைத் தொடுகிறதா. நான்கில் மூன்றாவது ஒரே பக்கம் சாய்ந்தால் உறுதியாக எழுதலாம். இரண்டு இரண்டாகப் பிரிந்தால் "கலந்த பலன்" என்று எழுதி நிறுத்த வேண்டும். பிரிந்து நிற்பதை அழகான வாக்கியத்தால் ஒட்டுவது கூடாது.

தொழிலைச் சொல்கிறேன். ரிஷப லக்னமானால் பத்தாம் இடம் கும்பம், அங்கே குருவும் கேதுவும். அதிபதி சனி பன்னிரண்டில் நீசம், ஆக சொந்த ஊரை விட்டு வெளியே வேலை, அலைச்சல். மிதுன லக்னமானால் பத்தாம் இடம் மீனம், அதிபதி குரு ஒன்பதில் கேதுவோடு. இரண்டிலும் தொழிலைத் தொடுபவர் குரு, கூடவே கேது. கற்பித்தல், ஆலோசனை, மருத்துவமனை, கோயில் சார்ந்த பணி என்று சாஸ்திரம் சொல்லும் வட்டம் இரண்டுக்கும் பொது. ஆகவே அதைத் தைரியமாக எழுதினேன். வெளியூர் அலைச்சல் ரிஷபத்துக்கு மட்டும் சொந்தம் என்பதால் "ரிஷப லக்னமானால்" என்று முன்னால் போட்டு எழுதினேன். அவள் ஏற்கெனவே வெளியூரில் வேலை பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தைக் கிரகம் சொன்னதாக எழுதுவது, விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவது போல.

இப்போது திருமணம். இரண்டு லக்னமும் இங்கேதான் நேருக்கு நேர் மோதுகின்றன. நம் பக்கத்து வழக்கப்படி லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12-இல் செவ்வாய் நின்றால் தோஷம். செவ்வாய் கன்னியில். ரிஷபத்திலிருந்து எண்ணினால் ஐந்து, தோஷம் இல்லை. மிதுனத்திலிருந்து எண்ணினால் நான்கு, தோஷம் உண்டு. நான்காம் இடத்துக்கு மேஷம், விருச்சிகம் என்றால் விலக்குச் சொல்வார்கள், கன்னிக்கு அந்த விலக்கு கிடையாது. பாட்டியின் அகலில் எண்ணெய் 6.40 வரை இருந்ததா, 6.50 வரை இருந்ததா என்பதில் ஒரு பெண்ணின் கல்யாணம் தொங்குகிறது!

ஒரு பக்கம் சாய்ந்து எழுதுவது சுலபம். தோஷம் இல்லை என்று எழுதினால் குடும்பத்துக்குச் சந்தோஷம். தோஷம் என்று எழுதினால் பரிகாரத்துக்கு வழி. நடந்த சம்பவங்களை வைத்து லக்னத்தைத் தேடும் முறையும் உண்டு. கட்டத்தைக் காட்டாமலே, மறக்க முடியாத மூன்று சம்பவங்களை வருடத்தோடு சொல்லச் சொன்னேன். அவள் சொன்னதில் ஒன்று, 2021-இல் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, அதே வருடம் வீடு கட்டியது. அப்போது நடந்தது ராகு தசை. ரிஷப லக்னத்துக்கு ராகு நான்கில், அதாவது தாய், வீடு. பொருந்துகிறது. ஆனால் ராகு மிதுனத்துக்கு மூன்றில், சகோதரம், முயற்சி. வீடு கட்டும் பணத்துக்கு அண்ணன்தான் ஓடினான். அதுவும் பொருந்துகிறதே! ஒரு சம்பவத்தை எந்த பாவத்திலும் கொஞ்சம் இழுத்தால் பொருத்திவிடலாம். மற்ற இரண்டு சம்பவங்களும் இதே கதைதான். ரிஷபம் பக்கம் கொஞ்சம் சாய்வு தெரிந்தது, தீர்ப்பு எழுதும் அளவுக்கு அல்ல.

ஆகவே திருமணத் தலைப்பின் கீழ் இப்படி எழுதினேன்: "செவ்வாய், சந்திரனுக்கு ஐந்தில், சுக்கிரனுக்குப் பதினொன்றில். இவ்விரண்டின்படியும் தோஷம் இல்லை. லக்னப்படி, ரிஷபமானால் இல்லை, மிதுனமானால் நான்காமிடத்துச் செவ்வாய். நேரம் உறுதிப்படாத வரை லக்னத்தை வைத்து தோஷம் என்றோ இல்லை என்றோ கூறுவதற்கில்லை. பொருத்தம் நட்சத்திரத்தை வைத்துப் பார்க்கத்தக்கது, நட்சத்திரம் உறுதி." இதில் "தோஷ ஜாதகம்" என்ற கூட்டுச்சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தனியாகக் கத்தரித்து எடுக்க முடியாத வாக்கியமாக எழுத வேண்டும். பாதியை மட்டும் படித்தாலும் அர்த்தம் கெடக் கூடாது.

உடல்நலத்தை நான்கு வரியில் முடிப்பேன். ஆயுளை எழுதுவதே இல்லை. கேட்டவருடையதும், பெற்றோருடையதும். பழைய நூல்களில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு, படித்திருக்கிறேன். அது என்னோடு இருக்கட்டும்.

அடுத்தது தசா புக்தி அட்டவணை. கார்த்திகை என்பதால் பிறக்கும்போது சூரிய தசை, ஆறு வருடம். நட்சத்திரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடந்துவிட்டதால் இருப்பு சுமார் 4 வருடம் 2 மாதம். பிறகு சந்திர தசை 10, செவ்வாய் தசை 7, ஆக 2020 தொடக்கத்தில் ராகு தசை. அதில் குரு புக்தி 2025 தொடக்கத்தில் முடிந்து, இப்போது சனி புக்தி, 2028 தொடக்கம் வரை. கணினி இதையே நாள் கணக்கோடு அச்சடிக்கும். நம்பாதீர்கள். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். பிறந்த நேரம் ஒரு மணி தவறினால், தசையில் இருபத்து நான்கில் ஒரு பங்கு நகரும். சூரிய தசைக்கு அது மூன்று மாதம். இதே தவறு சுக்கிர தசையில் பிறந்தவருக்கு வந்தால் பத்து மாதம். இந்தப் பெண்ணுக்கு எல்லாத் தேதியும் மூன்று மாதம் முன்பின் என்று அட்டவணைக்கு மேலேயே எழுதிவிட்டேன். தேதி போடாமல் "தை–பங்குனி வாக்கில்" என்று எழுதுவதே அவளுக்குப் பொருத்தம்.

கடைசிப் பக்கம் அறிவுரை. பொதுவாக இங்கே கோயில் பட்டியலும், ரத்தினக் கல்லும், செலவும் வரும். நான் அதிகம் போனால் மூன்று வரி எழுதுவேன். மேலே சொன்ன ஏதாவது ஒன்றோடு ஒவ்வொரு வரியும் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், அவரால் செய்ய முடிந்ததாகவும் இருக்க வேண்டும். இவளுக்கு எழுதியவை: பழைய கம்ப்யூட்டர் ஜாதகத்தை இனி எவருக்கும் கொடுக்க வேண்டாம், அதில் ராசியே வேறு. மாப்பிள்ளை வீட்டுக்குக் கட்டத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பாமல் முழு நோட்டையும் கொடுக்கவும். பிறந்த நேரம் பற்றி மருத்துவச்சி வீட்டாரிடமோ வேறு எவரிடமோ புதிய தகவல் கிடைத்தால் கொண்டு வரவும், மூன்றாம் பகுதியை மாற்றி எழுதித் தருகிறேன், அதற்குக் கட்டணம் இல்லை. பிறப்புச் சான்றிதழுக்கு அலையலாமா என்று அண்ணன் கேட்டான். அது மற்ற காரியங்களுக்கு வேண்டியதுதான். ஆனால் அதில் தேதி இருக்கும், நேரம் இருக்காது என்று சொல்லி அனுப்பினேன்.

நோட்டு மொத்தம் பதினோரு பக்கம். மாப்பிள்ளை வீட்டு ஜோதிடர் படித்துவிட்டுப் போன் செய்தார். "ஏன் சார், ரிஷபமா மிதுனமா, ஒண்ணு சொல்லிட்டா வேலை முடிஞ்சிடுமே?" என்றார். முதல் பக்கத்தைப் படித்தீர்களா ஐயா என்று கேட்டேன். படித்திருந்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாப்பிள்ளை ஜாதகத்தில் பிறந்த நேரம் காலை 6.00 என்று இருப்பதாகவும், அது எந்த 6.00 என்று இப்போது தனக்கே சந்தேகம் வந்துவிட்டதாகவும் சொன்னார். நம் மாவட்டத்தில் முழு மணிக்குப் பிறந்த குழந்தைகள் ரொம்ப அதிகம். அவர் நட்சத்திரப் பொருத்தம் பார்த்திருக்கிறார், பத்தில் ஏழு. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் பாட்டி எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார், அன்றைக்கு ஏற்றியது இலுப்பை எண்ணெயாம், அது சீக்கிரம் தீராதாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்